பட்டிமன்ற உரை: ரெண்டாவது பாதிக்கு மட்டும் ஏன் விளக்கம்?

நடுவர் வெச்ச கேள்வி: "குர்ஆன்ல பொருள் தெளிவா தெரியாத வசனம் வந்தா ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், விளக்கம் சொல்லணுமா, இல்ல அல்லாஹ்கிட்ட விட்டுட்டு பேசாம இருக்கணுமா?"

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அண்ணன் அவர்களே, சபையோர் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். விளக்கம் சொல்லித்தான் ஆகணும்ங்கிற அணிக்காக வந்திருக்கேன்.

அண்ணன் விஷயம் தெரிஞ்சவரு, அதனால நேரா மூணாவது சூரா, அதாவது மூணாவது அத்தியாயத்தோட ஏழாவது வசனத்தை எடுத்து வெச்சிட்டாரு. சில வசனம் முஹ்கம், தெளிவானது, அதுதான் வேதத்தோட தாய். மத்தது முதஷாபிஹ், பொருள் பல பக்கம் போகும். மனசுல கோணல் உள்ளவங்க ரெண்டாவது வகையைத்தான் துரத்திட்டுப் போவாங்க. "அதோட விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறிய மாட்டாங்க"ன்னு படிச்சு அங்க நிறுத்தினாரு. ரொம்ப அழகா நிறுத்தினாரு, கைதட்டலும் வாங்கினாரு. அந்த நிறுத்தத்துலதான் விஷயமே இருக்கு அண்ணே. பல அச்சுப் பிரதியில அந்த இடத்துல மீம்ங்கிற அரபு எழுத்தை சின்னதா போட்டிருக்கும், கட்டாயம் நிறுத்துன்னு அர்த்தம், சரி. ஆனா அந்தக் குறியெல்லாம் பின்னாடி வந்தது. நிறுத்தாம அடுத்த வார்த்தையோட சேர்த்துப் படிச்சா "அல்லாஹ்வையும் அறிவுல ஊறினவங்களையும் தவிர"ன்னு ஆயிடும். அப்படிப் படிச்சவரு யாரோ இல்ல, நபித்தோழர் இப்னு அப்பாஸோட மாணவர் முஜாஹித். நிறுத்தணும்னு சொன்னவங்கதான் அதிகம், அதை மறைக்கல. ஆனா தெளிவில்லாத வசனத்தைப் பத்தி பேசுற வசனத்தையே ரெண்டு விதமா படிக்க முடியுதுன்னா, எதைப் படிக்கிறதுன்னு முடிவு பண்றதுக்கே ஒரு விளக்கம் வேண்டியிருக்கே!

அடுத்து இமாம் மாலிக். கி.பி. 795ல இறந்தவரு, பெரிய மனுஷன். "ரஹ்மான் அர்ஷின் மேல் அமைந்தான்"னு இருபதாவது சூராவுல வருதே, ரஹ்மான்னா அல்லாஹ், அர்ஷுன்னா அவனோட சிம்மாசனம், அதுல எப்படி அமைஞ்சான்னு ஒருத்தர் கேட்டாராம். அமைஞ்சது தெரியாதது இல்ல, எப்படிங்கிறது அறிவுக்கு எட்டாது, அதை நம்புறது கடமை, அதைப் பத்தி கேக்குறது பித்அத், மார்க்கத்துல இல்லாத புதுசுன்னு சொல்லி அந்த ஆளை வெளியே அனுப்பச் சொல்லிட்டாரு. அண்ணன் இதை மௌனத்துக்கு சாட்சியா கூப்பிட்டாரு. நல்லா கவனிங்க, இதுல மௌனம் எங்க இருக்கு? எவ்வளவு தெரியும், எங்க நிக்கணும்னு கோடு போட்டுக் காட்டுறாரு. கோடு போடுறவரு வாயே திறக்கலன்னு சொல்ல முடியுமா?

இப்ப நான் கொண்டு வந்த ஒரே ஒரு வசனம், 57வது சூராவுல நாலாவது. வரிசையா கேளுங்க. வானத்தையும் பூமியையும் ஆறு நாள்ல படைச்சான், அப்புறம் அர்ஷின் மேல் அமைந்தான், பூமிக்குள்ள போறது, அதுலேர்ந்து வர்றது, வானத்துலேர்ந்து இறங்குறது, அதுக்கு ஏறுறது எல்லாம் அவன் அறிவான், நீங்க எங்க இருந்தாலும் அவன் உங்களோட இருக்கான். ஒரே வசனம். முதல் பாதியில அர்ஷுக்கு மேல, கடைசியில உங்க பக்கத்துல! ரெண்டையும் சொல்லுக்குச் சொல் எடுத்தா முட்டிக்கும். அப்ப மௌனக் கட்சி பெரியவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? "உங்களோட இருக்கான்"னா அறிவால உங்களோட இருக்கான்னு விளக்கம் சொன்னாங்க. இதே மாதிரி 58வது சூராவுல "மூணு பேர் ரகசியம் பேசினா நாலாவது ஆள் அவன்"னு வர்ற இடத்துல இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சொன்ன காரணம் ரொம்ப நேர்த்தியானது, அந்த வசனம் அல்லாஹ்வோட அறிவைச் சொல்லித்தான் ஆரம்பிக்குது, அறிவைச் சொல்லித்தான் முடியுது, அதனால நடுவுல இருக்கிறதும் அறிவைப் பத்தித்தான்னாரு. அருமையான வாதம், நான் அப்படியே ஒத்துக்கிறேன். ஆனா இது விளக்கம் இல்லாம வேற என்ன? "அது விளக்கம் இல்ல, முன்பின் பார்த்து புரிஞ்சுக்கிறது"ன்னு அண்ணன் முணுமுணுக்கிறாரு, இங்க கேக்குது. முன்பின் பார்த்து புரிஞ்சுக்கிறதைத்தான் அண்ணே நாங்களும் வேணும்ங்கிறோம்!

எதிரணித் தங்கச்சி, அவங்க பாட்டி வாழ்நாள் பூரா "அலிஃப் லாம் மீம்" ஓதினாங்க, பொருள் தெரியாமலே கண்ணீர் விட்டாங்கன்னு சொன்னாங்க. மனசைத் தொட்டுச்சும்மா. ஆனா நடுவர் கேட்டது வேற இடம். 29 சூரா இப்படி தனி எழுத்தோட ஆரம்பிக்குது, அந்த எழுத்தையும் முதஷாபிஹ்ல சேர்த்தவங்க உண்டு, அங்க பொருள் தெரியலன்னா யாரோட நம்பிக்கையும் கோணாது, அந்த எழுத்து விஷயத்துல மட்டும் உங்க பாட்டி பக்கம் நானும் நிக்கிறேன். "அல்லாஹ்வோட கை அவங்க கைகளுக்கு மேல இருக்கு"ன்னு 48வது சூராவுல வர்றது அப்படி இல்ல. கேட்ட உடனே மனசுல ஒரு கை உருவாயிடும். ஆலிம் பேசலன்னா அந்தப் படம் அங்கேயே தங்கிடும்.

இன்னொரு தம்பி, உமர் கலீஃபா ஸபீக்னு ஒருத்தரை இந்த மாதிரி வசனங்களைக் கேட்டதுக்காக அடிச்சாரு, அதனால கேக்குறதே தப்புன்னாரு. பாதி சரி தம்பி. அந்த செய்தி இருக்கு, பேரீச்ச மட்டையால அடிச்சதும் இருக்கு. ஆனா ஊர் ஊரா போய் குழப்புறவனுக்கு விழுந்த அடியை, புரியாம கேக்குறவன் முதுகுல ஏன் போடுறீங்க? நீங்க ஓதின அதே மூணாவது சூரா "குழப்பத்தைத் தேடி"ன்னு நோக்கத்தையும் சேர்த்துத்தானே சொல்லுது.

விளக்கத்துல ஆபத்தே இல்லைன்னு நான் சொல்ல வரல. இருக்கு. "பார்வைகள் அவனை அடையாது"ன்னு ஆறாவது சூரா, "அந்நாளில் சில முகங்கள் தங்கள் இறைவனை நோக்கியிருக்கும்"னு 75வது சூரா. முஃதஸிலாக்கள்னு பகுத்தறிவை முன்னால வெச்ச ஒரு பழைய கட்சி, அவங்க முதல் வசனம்தான் தெளிவு, அல்லாஹ்வைப் பார்க்கவே முடியாதுன்னாங்க, ரெண்டாவதுக்கு அவன் அருளை எதிர்பார்த்திருக்கும்னு பொருள் கொடுத்தாங்க. அவங்களுக்கு எதிர்க்கட்சியான அஷ்அரிகள் அப்படியே தலைகீழா, ரெண்டாவதுதான் தெளிவு, முதல் வசனம் முழுசா சூழ்ந்து பார்க்கிறதைத்தான் மறுக்குது, பார்க்கிறதையே மறுக்கலன்னாங்க. ஒவ்வொரு கட்சியும் தனக்கு ஒத்து வர்ற வசனத்தை முஹ்கம்னும், எதிராளிக்கு ஒத்து வர்றதை முதஷாபிஹ்னும் சொல்லுதுன்னு 1210ல இறந்த ஃபக்ருத்தீன் ராஸி தன் தஃப்ஸீர்ல, அதாவது குர்ஆன் விரிவுரையில, போட்டு உடைச்சிட்டாரு. அவரே ஒரு நிபந்தனையும் வெச்சாரு, மறுக்க முடியாத ஆதாரம் இல்லாம வெளிப்படையான பொருளை விட்டு நகரக் கூடாது.

அந்த ராஸியே மூணாவது சூராவுல நிறுத்திப் படிக்கிற பக்கம்தான்னு அண்ணன் குறிப்பு எழுதி வெச்சிருப்பாரு, தெரியும். உண்மைதான். நேர்ப்பொருள் இது இல்லைன்னு ஆதாரத்தால உறுதியா சொல்லலாம், ஆனா மிச்சம் இருக்கிற பொருள்ல எதுன்னு தேர்வு செய்யறது யூகம்தான்னாரு. இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. "இதுதான்"னு அடிச்சு சொல்லாம "இப்படி இருக்கலாம்"னு சொல்லணும்ங்கிற வரைக்கும் வருவேன். ஆனா "நேர்ப்பொருள் இல்லை"ன்னு சொன்ன முதல் அடியிலேயே அவரு எங்க அணிக்கு வந்துட்டாரு.

அடுத்து எதிரணியில யார் எழுந்தாலும் 57வது சூரா நாலாவது வசனத்துக்கு பதில் சொல்லிட்டு மத்ததைப் பேசுங்க. ஒரே வசனத்துல பின்பாதிக்கு விளக்கம் சொல்லலாம், முன்பாதிக்கு கூடாதுன்னா அதுக்கு என்ன விதி, அந்த விதியை யாரு வகுத்தது? நன்றி, வணக்கம்.