காலி மண்டபத்தில் ஐந்து நொடி

(ஈரோட்டில் மண்டப உரிமையாளர்கள், மைக் செட்காரர்கள், இசைக்குழுவினர் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஒரு கல்யாண வரவேற்பை எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வந்து சவுண்ட் செக் செய்கிறார்கள். மண்டபம் காலி. டிரம்ஸில் ஒரு தட்டுத் தட்டினால் மழை இடி மாதிரி உருண்டுகொண்டே போகிறது. ஏழரை மணிக்கு அறுநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டு ஓரளவு விளங்குகிறது. ஒன்பதரைக்கு முக்கால்வாசிக் கூட்டம் பந்திக்குப் போய்விட, மறுபடி எல்லாம் குழம்புகிறது. உடனே பெரியவர் ஒருவர் மைக் செட்காரரிடம் வந்து, "ஏனுங்க, இப்ப வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு, எதைத் திருகித் தொலைச்சீங்க?" என்கிறார். அவர் எதையும் திருகவில்லை. பாடுகிறவரும் அதே ஆள்தான், ஸ்பீக்கரும் அதேதான். ஒரே சாயங்காலத்தில் அந்தக் குழு மூன்று வெவ்வேறு அறைகளில் வாசித்திருக்கிறது, அவ்வளவுதான். எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். "ஹால் எக்கோ அடிக்குது" என்கிறோம். எதிரொலி என்பது தனியாகக் காதில் விழும் இரண்டாவது சத்தம். மலையடிவாரத்தில் கூப்பிட்டால் வருமே, அது. மண்டபத்தில் வருவது பெரும்பாலும் அதில்லை. ஆயிரக்கணக்கான சிறு எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரே வாலாக நீள்கிற எதிர்முழக்கம் அது. ஒலியை நிறுத்திய பிறகு அந்த வால் 60 டெசிபல் தணிய எத்தனை நொடி ஆகிறதோ, அதுதான் எதிர்முழக்க நேரம்.

இதற்குக் கணக்குக் கண்டுபிடித்தவர் அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவு அறையில் பேச்சே விளங்கவில்லை. சத்தம் அடங்க ஐந்தரை நொடி ஆனது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். அதிலிருந்து வந்த விதி இது:

T = 0.161 × V ÷ A

V என்பது அறையின் கொள்ளளவு, கனமீட்டரில். A என்பது அறையின் மொத்த உறிஞ்சும் பரப்பு. திறந்திருக்கும் ஜன்னல் ஒரு சதுர மீட்டர் என்றால் அதன் வழியே போன சத்தம் திரும்பாது. அது முழு 1. பூசிய சுவர் ஒரு சதுர மீட்டர் தன்மேல் விழுவதில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். அதன் மதிப்பு 0.02, 0.03. இவ்வளவுதான் தெரிய வேண்டியது. ஒரு டேப்பும் ஒரு துண்டுச் சீட்டும் போதும்.

நம் மண்டபம் 30 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். கொள்ளளவு 3,240 கனமீட்டர். தரை, கூரை, நான்கு சுவர் எல்லாம் சேர்த்து 1,656 சதுர மீட்டர். தரை டைல்ஸ் அல்லது கிரானைட், சுவர் சிமெண்டுப் பூச்சு, மேலே கான்கிரீட். சராசரி 0.025 போட்டால் 41 வருகிறது. திறந்த கதவு ஜன்னல் 30. மேடைத் திரை 40 சதுர மீட்டர், அது ஒரு 16. காற்றே கொஞ்சம் விழுங்கும், ஒரு 13. ஆகமொத்தம் 100. பிளாஸ்டிக் நாற்காலிகளை நான் சேர்க்கவே இல்லை. அவை விழுங்குவது கணக்கில் வராது. விதியில் போட்டால் 5.2 நொடி. அதுதான் நாலு மணி மண்டபம்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், சேலை வேட்டியோடு, நடுத்தரச் சுருதிகளில் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். அறுநூறு பேர் 270. மொத்தம் 370, நேரம் 1.4 நொடி. பந்திக்குப் போனபின் மிச்சம் இருநூறு பேர் என்றால் மொத்தம் 190, நேரம் 2.7 நொடி. அந்த மண்டபத்தில் இருக்கும் ஒரே பெரிய உறிஞ்சி விருந்தாளிகள்தான். அவர்கள் எழுந்து போனால் ஒலியமைப்பையும் கூடவே கொண்டுபோய்விடுகிறார்கள்.

இந்த எண்கள் காதில் என்ன ஆகின்றன? ஒரு வேகமான பாட்டில் தட்டுக்குத் தட்டு ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு என்று வையுங்கள். முந்தைய தட்டு 15 டெசிபலாவது தணிந்தால்தான் அடுத்தது தெளிவாகத் தெரியும். 1.4 நொடி மண்டபத்தில் அதற்கு 0.35 நொடி ஆகும். மூன்று தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும், காது பொறுத்துக்கொள்ளும். 5.2 நொடியில் 1.3 நொடி ஆகும். பத்துத் தட்டுகள் ஒரே குவியல்.

மேல்நாட்டு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்குக் கதை வேறு. மைக் கிடையாது, வயலின்கள் கலந்து ஒன்றாக நிறைய வேண்டும். அதற்கு வால் தேவை. 1870-இல் திறந்த வியன்னா முசிக்ஃபெராய்ன் ஆள் நிறைந்தபோது 2 நொடிக்குப் பக்கம். சபைன் கணக்குப் போட்டுக் கொடுத்து 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு 1.9. லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் 1951-இல் திறந்தபோது ஒன்றரை நொடிதான். ஒவ்வொரு வாத்தியமும் துல்லியமாகக் கேட்டது, ஆனால் ஒலி வறண்டது என்று குறை வந்தது. 1964-இல் மைக்கும் ஸ்பீக்கரும் பதித்துச் செயற்கையாக வாலை நீட்ட வேண்டியதாயிற்று. அதே குழு, அதே இசைதான். அரை நொடி வித்தியாசம் கேட்பவர்களுக்கு அவ்வளவு தெரிந்திருக்கிறது. அங்கே இன்னொரு சூட்சுமம்: நல்ல அரங்குகளில் மெத்தை நாற்காலி போடுவது சொகுசுக்கு மட்டுமல்ல. காலி மெத்தை இருக்கை ஒரு ஆள் விழுங்குவதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் அறை பெரிதாக மாறாது. நம்மூரில் நாற்காலியை அடுக்கிவைத்துப் பந்தி போட வேண்டும். மெத்தை நாற்காலி சரிப்படாது. ஆகவே சுவரிலும் கூரையிலும்தான் வேலை செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் பேஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். மேலே போட்ட கணக்கு நடுத்தரச் சுருதிக்கு. பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் தவிலின் தொப்பிப் பக்கமும் ஏறக்குறைய 125 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கின்றன. அங்கே மனிதனே பாதிதான் விழுங்குவான், ஆளுக்கு 0.2. திரைத்துணி கிட்டத்தட்டப் பூஜ்யம், காற்றும் பூஜ்யம், சுவரும் கூரையும்கூடக் கொஞ்சம் குறைவு. காலி மண்டபம் 66. கூட்டம் நிறைந்தால் 186. நேரம் 2.8 நொடி. பாடகரின் குரல் 1.4 நொடியில் அடங்கும்போது பேஸ் அதற்கு இரண்டு மடங்கு நேரம் குமுறிக்கொண்டிருக்கிறது. "கூட்டம் நிறைஞ்சும் கொழகொழன்னு கேக்குது" என்பார்களே, அது இதுதான்.

இப்போது முட்டை அட்டை. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒலிப்பதிவு அறையென்று சொல்லி நாலு சுவரிலும் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். அது மெல்லிய காகிதக்கூழ். உச்சஸ்தாயியில் கொஞ்சம் விழுங்கும், பேஸில் ஒன்றுமில்லை. விளைவு, 'ஸ்', 'ச்' எல்லாம் மழுங்கி, குமுறல் மட்டும் அப்படியே மிஞ்சும். முன்பைவிடக் கெட்டுப்போனதுபோலக் கேட்கும். அதோடு ஒரு தீப்பொறி பட்டால் சுவரே பற்றிக்கொள்ளும். திருப்பூர் பனியன் வேஸ்ட், பொள்ளாச்சித் தேங்காய்நார் இரண்டும் நிஜமாகவே நல்ல உறிஞ்சிகள். கனம் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும், தீத்தடுப்பு மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். அது செய்யாமல் மண்டபத்தில் வைக்காதீர்கள். மின்சரமும் விளக்கும் இருக்கிற இடம்.

நம் மண்டபத்துக்கு இரண்டு வேலை. பின்சுவரிலும் பக்கச் சுவர்களின் மேல்பாதியிலுமாக 100 சதுர மீட்டருக்கு இரண்டு அங்குல ராக்வூல் என்ற கல்பஞ்சு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, காற்று புகும் துணி போர்த்தி. ஊதிப்பார்த்தால் மறுபக்கம் காற்று வர வேண்டும். ரெக்ஸின் போர்த்தினால் செலவு வீண். இது நடுச்சுருதிக்கு 90 சேர்க்கும். இன்னொன்று பேஸுக்கு: 120 சதுர மீட்டருக்கு 6 மில்லிமீட்டர் பிளைவுட், மூன்று அங்குல மரச்சட்டத்தில், உள்ளே கொஞ்சம் ராக்வூல், ஓரமெல்லாம் காற்றுப் புகாமல் அடைத்து. பலகை சுருதிக்குத் தக்கபடி அதிர்ந்து சத்தத்தை வாங்கிக்கொள்ளும். அதன் சுருதி 60 ÷ √(m × d). m பலகையின் எடை, சதுர மீட்டருக்கு 3.6 கிலோ, d இடைவெளி, 0.075 மீட்டர். 115 ஹெர்ட்ஸ் வரும், நமக்கு வேண்டிய இடம். சட்டத்தை ஒரு அங்குலமாகக் குறைத்தால் சுருதி 200-க்கு ஏறிவிடும்; தச்சரிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

இரண்டும் முடிந்தால் நிறைந்த மண்டபம் 1.1 நொடி, பேஸ் 2 நொடி, பந்தி நேரத்தில் 1.8. மைக் வைத்த பாட்டுக்கு இது போதும். மைக் இல்லாத நாதஸ்வரத்துக்கு இன்னும் கொஞ்சம் வால் இருந்தாலும் கெட்டுப்போகாது. அது கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் பிறந்த வாத்தியம், மூடிய மண்டபத்தில் அதன் பிரச்சினை வால் அல்ல, உரப்பு.

அதுவரைக்கும் மைக் செட்காரர் என்ன செய்வது? சத்தத்தைக் கூட்டாதீர்கள். நிறைந்த மண்டபத்திலேயே, எல்லாப் பக்கமும் பரப்பும் ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய 2.7 மீட்டருக்கு அப்பால் போனால், நேர் ஒலியைவிட வால் அதிகம். வால்யூமைத் திருகினால் இரண்டும் சேர்ந்து ஏறும். தெளிவு ஒரு இம்மியும் ஏறாது. குறுகிய கோணத்தில் ஒலியைச் செலுத்தும் ஸ்பீக்கரால் அந்த எல்லையை எட்டு மீட்டர் வரை தள்ளலாம். அதைக் கூரையையும் பின்சுவரையும் பார்க்காமல் ஆட்களை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மிக்ஸரில் செயற்கையாக வால் சேர்க்கும் ரீவர்பை முழுக்க அணையுங்கள். அறை போதுமான அளவு தருகிறது. குரல் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

கடைசியாக, இந்த விதிக்கும் ஒரு எல்லை உண்டு. சத்தம் அறையெங்கும் சமமாகப் பரவுகிறது என்று அது நம்புகிறது. நம் மண்டபத்தில் உறிஞ்சுகிற ஆட்கள் எல்லாம் தரையில். பக்கச் சுவர்கள் இரண்டும் எதிரெதிராக வழவழவென்று. அவற்றுக்கு நடுவே சத்தம் தலைக்கு மேலேயே பந்து விளையாடும், அளந்தால் கணக்கைவிட நீளமாக வரும். கண்டுபிடிப்பது சுலபம்: காலி மண்டபத்தின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டுக் கைதட்டுங்கள். நொடிக்கு ஏறக்குறைய இருபது என்ற கணக்கில் 'டட்டட்டட்' என்று திரும்பினால் அந்தச் சுவர்கள்தான் காரணம். ராக்வூலை ஒரே சுவரில் குவிக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திட்டாகப் போட்டால் அடங்கும். பிறகு ஒரு பெரிய பலூனை மேடையில் உடைத்து, பின்வரிசையில் ஒலிப்பதிவு செய்யுங்கள். 60 டெசிபலும் முழுக்க இறங்குவதை அளக்க வெளிச் சத்தம் விடாது; முதல் 5 டெசிபலை விட்டு, அடுத்த 20 டெசிபல் இறங்கும் நேரத்தை எடுத்து மூன்றால் பெருக்கினால் போதும். விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல்களை விசேஷ நாளில் இருப்பதுபோலவே திறந்து வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறொரு மண்டபத்தை அளந்ததாகிவிடும்.