முன்தேர்வு, பின்தேர்வு: தாள் ஒன்றா, இரண்டா?

வணக்கம். ஒரே நாளில் நடந்து முடிகிற சின்னப் பயிலரங்குகளில் நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள். ஆரம்பத்தில் ஒரு தாள் கொடுப்பார்கள், பத்து கேள்வி. முடிந்ததும் இன்னொரு தாள். முன்னால் எத்தனை சரி, பின்னால் எத்தனை சரி, நடுவில் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கற்றது என்று எழுதிக்கொள்வார்கள். நான் பல வருடமாக முதலுதவிப் பயிற்சி நடத்துகிறேன், இந்த இரண்டு தாளையும் நானே தயாரிக்கிறேன். அந்த வித்தியாசம் எப்போது நிஜம், எப்போது நிஜம் இல்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். ஆரம்ப காலத்தில் நான் காலையில் கொடுத்த அதே தாளையே மாலையிலும் கொடுப்பேன். அதே கேள்விகள், அதே வரிசை. ஒரு நாள் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கிற முறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், சி.பி.ஆர். என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். "பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்" என்றேன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று பேனாவை எடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "இதுதான் ஏழாவது கேள்வி" என்று மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது. அடுத்து மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்வது என்று சொன்னேன், கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, செய்தும் காட்டினேன். தலையை முன்னால் குனிய வேண்டும், மூக்கின் மென்மையான பகுதியைப் பிடித்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், வாயால் மூச்சு விட வேண்டும். இது தாளில் இல்லை. ஒரு பேனாவும் அசையவில்லை. இடைவேளையில் நாலு பேரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன், மூக்கில் ரத்தம் வந்தால் தலையை எப்படி வைப்பீர்கள் என்று. மூன்று பேர் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார்கள். நான் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அன்று மாலைத் தாளில் ஏழாவது கேள்விக்கு எல்லாரும் சரியாகப் பதில் எழுதியிருந்தார்கள், மொத்த மதிப்பெண்ணும் ரொம்ப நன்றாக இருந்தது. ஆனால் அந்த மதிப்பெண் என் பயிலரங்கைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். காலையில் பார்த்த தாள், எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. முன்தேர்வே ஒரு பாடமாகிவிட்டது, அதுவும் பத்து வரிப் பாடம். அந்தப் பத்து வரியைத்தான் நான் மாலையில் அளந்தேன்.

சரி, அப்படியானால் இரண்டு வேறு தாள் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. மாலைத் தாள் கொஞ்சம் சுலபமாக அமைந்துவிட்டால், யாரும் எதுவும் கற்காமலேயே மதிப்பெண் ஏறும். கொஞ்சம் கடினமாக அமைந்துவிட்டால், நன்றாகக் கற்றவர்கள்கூட கற்காத மாதிரி தெரியும். அதனால் வேறு வேறு கேள்வி போதாது, இரட்டைக் கேள்வி வேண்டும். ஒரே விஷயத்தை, ஒரே முடிவைக் கேட்கிற, ஆனால் வேறு ஆள், வேறு இடம் வைத்து எழுதிய இரண்டு கேள்விகள்.

தீக்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில், கொதிக்கிற வெந்நீர் ஒருவர் முன்கையில் கொட்டிவிட்டது, உடனே என்ன செய்வீர்கள். இரண்டாம் தாளில், ஒருவர் சூடான இஸ்திரிப் பெட்டியில் கையை வைத்துவிட்டார், உடனே என்ன செய்வீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றே: ஓடுகிற குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் இருபது நிமிடம் காட்டுவது. தவறான பதில்களும் இரண்டிலும் ஒரே ரகம்தான்: பற்பசை தடவுவது, ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பது, எண்ணெய் தடவுவது. இந்தத் தவறுகளை நான் யோசித்து எழுதவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் "இதுக்கு என்ன செய்வீங்க" என்று முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொன்னதையே எழுதிக்கொண்டேன். யாரும் நம்பாத ஒரு தவறைப் பதிலாக வைத்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான், நான்கு பதில் மூன்றாகிவிடும்.

இரட்டை எங்கே கெடும் என்றால், ஒரு சின்ன மாற்றத்தில் கெடும். இரண்டாம் தாளில் இஸ்திரிப் பெட்டிக்குப் பதிலாக அமிலம் பட்டது என்று எழுதியிருந்தால் அது வேறு கேள்வி. உடை தோலோடு ஒட்டிக்கொண்டது என்று சேர்த்தாலும் வேறு கேள்வி, ஏனென்றால் அந்த உடையைப் பிய்க்கக் கூடாது என்ற தனி அறிவு அதற்கு வேண்டும். இன்னொன்றும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர் சரியான பதிலை ரொம்பக் கவனமாக எழுதுவார், அதனால் அது நீளமாகிவிடும், தவறானவை எல்லாம் இரண்டு மூன்று வார்த்தையில் இருக்கும். ஒன்றும் தெரியாதவரும் நீளமானதைத் தேர்ந்தெடுத்து மதிப்பெண் வாங்கிவிடுவார். உங்கள் தாளை எடுத்துச் சரியான பதில்களை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள், நீளம் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

ஆனாலும், எவ்வளவு கவனமாக எழுதினாலும் இரண்டு தாளும் சரிசமமாக வராது. நான் எழுதி ஒரு தடவைகூட வந்ததில்லை. இங்கேதான் ஒரு எளிய வழி இருக்கிறது. தாள்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள், அ தாள், ஆ தாள். வந்தவர்கள் இருபத்து நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். குலுக்கிப்போட்டு பாதிப் பேருக்குக் காலையில் அ, மாலையில் ஆ. மீதிப் பாதிக்குக் காலையில் ஆ, மாலையில் அ. அவ்வளவுதான்.

இது என்ன செய்கிறது என்று ஒரு கணக்குச் சொல்கிறேன், சின்ன எண்கள்தான், மனதிலேயே போட்டுக்கொள்ளலாம். பத்துக்கு மதிப்பெண். முதல் குழு காலையில் அ தாளில் சராசரியாக 4 வாங்கியது, மாலையில் ஆ தாளில் 6. ஏற்றம் 2. இரண்டாம் குழு காலையில் ஆ தாளில் 2 வாங்கியது, மாலையில் அ தாளில் 8. ஏற்றம் 6. ஒரே பயிலரங்கு, ஒரே ஆசிரியர், ஒரு குழு 2 ஏறியது, இன்னொரு குழு 6 ஏறியது. காலையிலேயே பாருங்கள், யாரும் எதுவும் கற்பதற்கு முன்பே அ தாளில் 4, ஆ தாளில் 2. ஆக அ தாள் இரண்டு மதிப்பெண் சுலபம். மாலையிலும் அதே வித்தியாசம், 8, 6. அந்தச் சுலபம் ஒரு குழுவுக்குக் கூட்டிக் காட்டியது, இன்னொரு குழுவுக்குக் குறைத்துக் காட்டியது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், ஏற்றம் 4. அதுதான் நம்பக்கூடிய எண். எல்லாருக்கும் காலையில் ஆ, மாலையில் அ என்று கொடுத்திருந்தால், 6 ஏறியது என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

ஒரு குழுவில் பன்னிரண்டு பேர்தான் என்றால், ஏற்கெனவே தெரிந்த இரண்டு பேர் ஒரே பக்கம் விழுந்தால்கூட காலைச் சராசரி ஆடிவிடும். அதனால் ஆட்கள் குறைவாக இருக்கும்போது ஒரே ஒரு பயிலரங்கை வைத்து முடிவு சொல்லாதீர்கள். இரண்டு மூன்று பயிலரங்குத் தாள்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு பாருங்கள்.

அடுத்தது, குருட்டடி. நான்கு பதிலில் ஒன்று என்றால், ஒன்றுமே தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் பத்துக்கு இரண்டரை வரும். அதனால் ஐந்தாவதாக "எனக்குத் தெரியாது" என்று ஒரு பதில் வைக்கிறேன். இதில் ஒரு விஷயம் கவனிக்காமல் போய்விடும். காலையில் தெரியாது என்று குறிக்க யாருக்கும் கூச்சம் இல்லை, கற்கத்தானே வந்திருக்கிறார்கள். மாலையில் கூச்சம் வந்துவிடும், நாள் பூராவும் சொல்லிக்கொடுத்தவர் எதிரில் நிற்கிறார். தெரியாது என்று குறிக்காமல் ஏதோ ஒன்றைக் குறித்துவிடுவார்கள், அதில் நாலில் ஒரு பங்கு தானாகச் சரியாகிவிடும், அது கற்றதாகக் கணக்கில் ஏறிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். சரியை மட்டும் எண்ணாதீர்கள், தவறையும் தெரியாததையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒரு கேள்வியில் "தெரியாது" குறைந்து, சரியும் தவறும் இரண்டுமே ஏறியிருந்தால், அங்கே அறிவு வந்த அளவுக்குத் துணிச்சலும் வந்திருக்கிறது. முதலுதவியில் அது ஆபத்து. தெரியாது என்று இருந்தவர் யாரையாவது கூப்பிடுவார். தவறாகத் தெரிந்தவர் பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவருவார்.

இதனால்தான் தாள் கொடுக்கும்போது சொல்கிற வார்த்தையை எழுதிவைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் அதையே படிக்கிறேன். "தெரியாவிட்டால் தெரியாது என்று குறியுங்கள், ஊகிக்க வேண்டாம், பெயர் எழுத வேண்டாம்." ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல்.

அப்புறம், ஒவ்வொரு தாளிலும் நான் சொல்லிக்கொடுக்கப் போகாத விஷயத்தில் இரண்டு கேள்வி சேர்த்துவிடுவேன். வேரோடு விழுந்த நிரந்தரப் பல்லை எதில் வைத்து மருத்துவரிடம் எடுத்துப் போவது, இது ஒன்று. பால் என்பது பதில், ஆனால் பயிலரங்கில் இதைப் பற்றிப் பேச மாட்டேன். இந்தக் கேள்விகளும் மாலையில் ஏறியிருந்தால், இடைவேளையில் பேசிக்கொண்டார்கள், செல்போனில் தேடினார்கள், அல்லது ஊகிக்கத் துணிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கற்பித்த கேள்விகளில் வந்த ஏற்றத்திலும் அதே மாதிரி ஒரு பங்கு கலந்திருக்கும். மாலையில் தாளை வாங்கிய பிறகு இந்தப் பதில்களைச் சொல்லிவிடுவேன், கேட்டுவிட்டுச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு நிமிடம் என்று காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் இல்லாத தாள்களை எப்படி இணை சேர்ப்பது? அம்மா பெயரின் முதல் எழுத்து, நீங்கள் பிறந்த தேதி, செல்போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். மறக்கவும் மறக்காது, ஆளையும் காட்டாது. இரண்டு தாளும் இருக்கிறவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். தாமதமாக வந்தவர், பாதியில் கிளம்பியவர் சேர்ந்தால் காலைச் சராசரி ஒரு கூட்டத்துக்கு, மாலைச் சராசரி வேறொரு கூட்டத்துக்கு என்று ஆகிவிடும்.

நான் விரிவாகப் பேச நினைத்து வைத்திருந்தது மூன்றாவது தாள், ஒரு மாதம் கழித்து. மாலைத் தாள் காட்டுவது அன்றைக்குக் கையில் இருந்ததை, மாதம் கழித்து எவ்வளவு தங்கியது என்பது வேறு. அதற்கு ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றாவது ஒரு ஜோடி எழுத வேண்டும், இ தாள். தீக்காயத்துக்கு நான் வைத்திருப்பது மோட்டார் சைக்கிளின் சூடான புகைக்குழாய், காலில் பட்டது, பதில்கள் அதே நான்கு. மூன்று தாளையும் மாற்றி மாற்றிக் கொடுக்க ஆட்களை மூன்றாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் ஆள் வேண்டும்... நேரம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கேட்டதற்கு நன்றி, வணக்கம்.