கால்குலேட்டர் காட்டாத இரண்டாவது முக்கோணம்

வணக்கம். பின்னால் பலகை தெரிகிறதா? கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன். சரி.

போன வாரம் சைன் விதி பார்த்தோம். a/sin A = b/sin B = c/sin C. அதை வைத்துக் கணக்குப் போட்ட சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "என் விடை சரியாகத்தான் வருகிறது, ஆனால் விடைப் பக்கத்தில் இரண்டு முக்கோணம் போட்டிருக்கிறார்கள், அது எப்படி?" பள்ளியில் இதே இடத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு முக்கோணத்தை முழுதாகத் தீர்த்து, அடிக்கோடு எல்லாம் போட்டுக் கொடுத்தேன். பாதி மதிப்பெண்தான் வந்தது. போட்ட வரை ஒரு தப்பும் இல்லை. இன்னொரு முக்கோணம் இருந்ததே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது எப்போது வரும்? இரண்டு பக்கங்களும் ஒரு கோணமும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கோணம் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்காது, ஒரு பக்கத்துக்கு எதிரே இருக்கும். பக்கம்–பக்கம்–கோணம். கோணம் நடுவில் இருந்தால் இந்தக் குழப்பமே கிடையாது, முக்கோணம் ஒன்றே ஒன்றுதான்.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் வரைந்து பார்ப்போம். கோணம் A = 40°. A-யிலிருந்து படுக்கையாக ஒரு கதிர், அது எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. A-யிலிருந்தே 40° சாய்வில் இன்னொரு கோடு, அதன் நீளம் b = 10. அதன் நுனிதான் C. இதுவரை எல்லாம் உறுதியாகிவிட்டது. இனி C-யில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, a அளவுக்கு விரித்து, ஒரு வில் போட வேண்டும். அந்த வில் கீழே இருக்கும் கதிரை எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் B. ஆக, "எத்தனை முக்கோணம்?" என்ற கேள்வியும் "வில் கதிரை எத்தனை இடத்தில் வெட்டுகிறது?" என்ற கேள்வியும் ஒன்றுதான். மனப்பாடம் செய்யச் சொல்லி ஆறு வரி அட்டவணை ஒன்று கொடுப்பார்கள், எனக்கு அது ஒரு நாளும் நினைவில் நின்றதில்லை. இந்தப் படம் நிற்கிறது.

C-யிலிருந்து கதிருக்கு நேராக ஒரு செங்குத்து இறக்குங்கள். அதுதான் C-யிலிருந்து கதிருக்கு உள்ள மிகக் குறைந்த தூரம். அதன் உயரம் h = b sin A, அதாவது 10 × sin 40°, ஏறக்குறைய 6.43. இப்போது a-யை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறேன், பாருங்கள்.

a = 5 என்றால் கவராயம் கதிரைத் தொடவே தொடாது. வில் காற்றில் தொங்கும். முக்கோணம் இல்லை. இதையே சைன் விதியில் போட்டால் sin B = 6.43/5, ஒன்றைத் தாண்டிவிடுகிறது; கால்குலேட்டர் பிழை காட்டும். பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டோமோ என்று நாலு முறை அழுத்துவோம். பொத்தானில் தப்பில்லை, அந்த அளவில் முக்கோணமே கிடையாது என்றுதான் அது சொல்கிறது.

a சரியாக h அளவுக்கு இருந்தால் வில் கதிரை ஒரே புள்ளியில் தொட்டு நிற்கும். B செங்கோணம். ஒரு முக்கோணம்.

இனி a = 7. இங்கே கொஞ்சம் நிற்போம். 7 என்பது h-ஐ விடப் பெரியது, b-ஐ விடச் சிறியது. வில் செங்குத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஓரிடத்திலும், இந்தப் பக்கம் A-க்கும் செங்குத்துக்கும் நடுவே ஓரிடத்திலும் கதிரை வெட்டுகிறது. இரண்டு B. கணக்காகப் போடுவோம்.

sin B = 10 sin 40° / 7 ≈ 0.918

கால்குலேட்டர் B = 66.7° என்கிறது. அதோடு நிறுத்திவிடும். தலைகீழ் சைன் பொத்தான் −90°-க்கும் 90°-க்கும் இடையில் ஒரே ஒரு கோணத்தைத்தான் தரும். அப்படித்தான் அதை வரையறுத்து வைத்திருக்கிறோம். ஆனால் sin θ-வும் sin(180° − θ)-வும் ஒன்றே. அதனால் 180 − 66.7 = 113.3° என்பதும் அதே சமன்பாட்டுக்குப் பொருந்துகிறது. அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் முக்கோணம்: B = 66.7°, அப்புறம் C = 180 − 40 − 66.7 = 73.3°. c = 7 sin 73.3° / sin 40° ≈ 10.43.

இரண்டாவது: B = 113.3°, C = 26.7°, c ≈ 4.89.

இரண்டிலும் A = 40°, b = 10, a = 7. கொடுத்த விவரம் ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் ஒன்றின் c மற்றொன்றைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, a = 12. இப்போது a, b-ஐ விடப் பெரியது. sin B ≈ 0.536, B = 32.4°. பழக்கத்தில் 180-லிருந்து கழித்தால் 147.6° வருகிறது. ஆனால் அதோடு A-யின் 40°-ஐக் கூட்டினால் 187.6°. மூன்றாவது கோணத்துக்கு இடமே இல்லை. படத்தில் என்ன நடந்தது? இடது பக்க வெட்டுப்புள்ளி A-யையும் தாண்டி வெளியே போய்விட்டது. அங்கே கதிரே கிடையாது. அதனால் ஒரே முக்கோணம். a சரியாக 10 ஆக இருந்தாலும் ஒன்றுதான்: இடது வெட்டுப்புள்ளி A-யின் மேலேயே உட்கார்ந்துவிடும், c பூஜ்யமாகிவிடும், மிஞ்சுவது ஓர் இருசமபக்க முக்கோணம்.

ஆக, A குறுங்கோணமாக இருந்தால் a-யை இரண்டு எண்களோடு ஒப்பிட்டால் போதும். h-ஐ விடக் குறைவா? முக்கோணமே இல்லை. h-க்குச் சமமா? ஒன்று. h-க்கும் b-க்கும் நடுவிலா? இரண்டு. b அல்லது அதற்கு மேலா? ஒன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் a, b என்று சொல்வது என் படத்தின் பெயர்கள். கணக்கில் B = 25°, b = 6, c = 9 என்று கொடுத்திருப்பார்கள்; அப்போது கோணத்துக்கு எதிரே நிற்பது b. எழுத்தைப் பார்க்காதீர்கள். "தெரிந்த கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம்", "மற்ற பக்கம்" என்று பார்த்தால் குழம்பாது. வில்லாகச் சுற்றுவது எப்போதும் எதிர்ப்பக்கம்தான்.

A விரிகோணமாக இருந்தால்? அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, அதைக் காட்டியாக வேண்டும். A = 120°, b = 10, a = 9. சைன் விதி: sin B = 8.66/9 ≈ 0.962. ஒன்றுக்குக் கீழேதான் இருக்கிறது, கால்குலேட்டர் ஒன்றும் முனகாமல் 74.2° தருகிறது. நல்ல பிள்ளையாக எழுதி வைத்துவிடுவோம். ஆனால் 120 + 74.2 = 194.2. முக்கோணம் கிடையாது! கால்குலேட்டர் பிழை காட்டவில்லை என்பதால் முக்கோணம் இருக்கிறது என்று ஆகாது. விரிகோணம்தான் முக்கோணத்தின் மிகப் பெரிய கோணம், அதனால் அதன் எதிர்ப்பக்கம்தான் மிக நீளமாக இருக்க வேண்டும். a, b-ஐ விடப் பெரியதாக இருந்தால் ஒன்று, இல்லையென்றால் ஒன்றும் இல்லை. செங்கோணத்துக்கும் இதேதான். h-ஐக் கணக்கிடவே வேண்டாம்.

படம் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். கொசைன் விதியை எடுத்து, தெரியாத c-யை வைத்து எழுதுங்கள்:

c² − (2b cos A) c + (b² − a²) = 0

இது c-யில் ஓர் இருபடிச் சமன்பாடு. a = 7 கணக்குக்கு c² − 15.32c + 51 = 0. தீர்த்தால் 10.43, 4.89. அதே இரண்டு விடைகள், 180-லிருந்து கழிக்க மறக்கும் பேச்சே இல்லை. மிகை எண்ணாக எத்தனை c வருகிறதோ அத்தனை முக்கோணம். a = 12 என்றால் கடைசி உறுப்பு −44; மூலங்களின் பெருக்கல் குறை எண், அதனால் ஒன்று மிகை, மற்றது குறை. ஒரே முக்கோணம். a = 5 என்றால் தன்மைகாட்டி குறை எண்ணாகிவிடும், விடை இல்லை. படத்தில் வில் கதிரைத் தொடாமல் தொங்கியதே, அதுதான் இது.

எண்களை முழுமையாக்கும்போதும் ஒரு சிக்கல் உண்டு. a = 6.43 என்று கொடுத்தால்? h-ஐ 6.43 என்று எழுதி வைத்திருப்பவர் "சமம், ஒரே முக்கோணம்" என்று முடித்துவிடுவார். உண்மையில் h = 6.4279. a கொஞ்சூண்டு பெரியது. அதனால் இரண்டு முக்கோணங்கள்: c ஒன்றில் 7.83, மற்றதில் 7.50. h-க்கு மிக அருகில் a வந்தால், கால்குலேட்டரில் உள்ள இலக்கங்களை வெட்டாமல் அப்படியே வைத்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. முக்கோணம் ஒன்றுதான் என்று உறுதியாகத் தெரிந்த கணக்கிலும் இதே பள்ளம் ஒளிந்திருக்கும். b = 10, c = 4.89, நடுவில் A = 40° என்று கொடுக்கிறார்கள். கொசைன் விதியில் a = 7 கண்டுபிடித்துவிட்டீர்கள். அப்புறம் B-க்குச் சைன் விதி போட்டால் கால்குலேட்டர் என்ன தரும்? 66.7°. தப்பு! இது நாம் முன்னே பார்த்த இரண்டாவது முக்கோணம், இதில் B = 113.3°. C-யையும் தனியாகச் சைன் விதியிலேயே போட்டிருந்தால் 26.7° வந்திருக்கும், 40 + 66.7 + 26.7 = 133.4 என்று கூட்டல் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் நாம் 180-லிருந்து கழித்து C-யை எழுதிவிடுவோம். கூட்டல் சரியாக வந்துவிடும், தப்பு வெளியே தெரியாது. அதனால் மீதமுள்ள இரண்டு பக்கங்களில் சிறியதற்கு எதிரே இருக்கும் கோணத்தை முதலில் கண்டுபிடியுங்கள். இங்கே அது C. சிறிய பக்கத்தின் எதிர்க்கோணம் விரிகோணமாக இருக்கவே முடியாது, ஆகவே கால்குலேட்டர் தருவதை அப்படியே நம்பலாம். பிறகு B-யைக் கழித்து எழுதுங்கள்.

பலகையில் இடமும் தீர்ந்துவிட்டது. எச்சரிக்கையில் சொன்ன B = 25°, b = 6, c = 9 கணக்கை நான் போடவில்லை, அது உங்களுக்கு. எத்தனை முக்கோணம் என்று முதலில் கவராயத்தில் பாருங்கள், அப்புறம் எண்களுக்குப் போங்கள்.