அத்தை வீட்டு கரண்ட் பில்லும் அந்த 235 ரூபாயும்

எல்லாருக்கும் வணக்கம்! குளச்சல் மீன் வீடியோ கேட்டவங்க மன்னிச்சிடுங்க, அது நாளைக்கு வரும். இன்னைக்கு எனக்கு வேற சந்தோஷம். தக்கலையில இருக்கக்கூடிய எங்க அத்தை வீட்டு கரண்ட் பில் 2376 ரூபாய். என் ஷீட்லயும் அதே 2376. பைசா பிசகல!

விஷயம் என்னன்னா, அத்தான் ஒரு ஷீட் போட்டு வச்சிருக்காரு. அதுல 2141 ரூபாய்தான் வருது. "235 ரூபா கூட போட்டுட்டானுவ, நாளைக்கே ஆபீஸுக்குப் போறேன்"னு குதிச்சிட்டு இருந்தாரு. நான்தான் "பொறுங்க அத்தான், பில்லையும் ரேட் அட்டவணையையும் போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னேன்.

வந்த போட்டோவைப் பாக்கணுமே! பிரவுசிங் சென்டர்ல ஒரு பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்கிட்டு பிரிண்ட் குடுத்திருக்கான். இருபது ரூபாய்ங்க! அதுவும் மை மங்கிப்போய், நடுவுல மடிப்பு, அந்த மடிப்பு மேல அத்தானோட பெருவிரல் நிழல். போன்ல எழுத்தைப் பிரிச்சு எடுத்து ஷீட்ல ஒட்டினா 8.40 போய் 6.40ன்னு வந்து நிக்குது. 9.45-ல புள்ளியைக் காணோம், 945.

இதைக் கண்டுபிடிக்க கண்ணாடி எல்லாம் வேண்டாம். வீட்டு ரேட் மேல போகப்போக ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால ஒவ்வொரு ரேட்லயும் மேல உள்ள ரேட்டைக் கழிச்சு பக்கத்து காலத்துல போட்டேன். 500 யூனிட்டைத் தாண்டினா வர்ற அட்டவணையில 1.60, 2.10, அப்புறம் மூணு தடவை 1.05. 8.40ஐ 6.40ன்னு விட்டிருந்தா அந்த இடத்துல வெறும் 0.10 வந்து, அடுத்தது 3.05ன்னு துள்ளும். பாத்ததும் தெரிஞ்சிரும். இன்னொண்ணு, ஷீட் செல்லுல எண் இடது பக்கமா ஒட்டி நின்னா அது எண்ணே இல்ல, எழுத்து. கூட்டல்ல சேராது.

சரி, 235க்கு வருவோம். நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங். அத்தை பில்லுல இருக்கிறது 2024 ஜூலையில வந்த ரேட். அதுல ஒரே அட்டவணை கிடையாது, ரெண்டு இருக்கு. 500 யூனிட் வரைக்கும்னா முதல் 100 இலவசம், 200 வரை 2.35, 400 வரை 4.70, 500 வரை 6.30. 500ஐத் தாண்டிட்டா அந்த 2.35 சலுகையே போச்சு. 100 இலவசம், அதுக்கு மேல 400 வரை நேரா 4.70. அத்தை வீட்ல ஓடினது 540. அத்தான் முதல் அட்டவணையை அப்படியே நீட்டி, அடியில 8.40ஐச் சேத்திருக்காரு. 101ல இருந்து 200 வரை உள்ள நூறு யூனிட்டுக்கு 4.70க்குப் பதிலா 2.35. நூறு தடவை 2.35 எவ்வளவு? அதேதான், 235!

உங்க வித்தியாசமும் சரியா 235ன்னு வந்துச்சுன்னா ஆபீஸுக்கு ஆட்டோ பிடிக்காதீங்க.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். பில்லுல "101 - 200"ன்னு இருக்கும், அதை அப்படியே அடிச்சு 200ல 101ஐக் கழிக்கக் கூடாது. 99தான் வரும், ஒவ்வொரு படியிலயும் ஒரு யூனிட் கழண்டு போகும். அதனால நான் படி தொடங்குற எல்லையை மட்டும்தான் A காலத்துல வைப்பேன். முதல் அட்டவணைக்கு 100, 200, 400. ரெண்டாவதுக்கு 100, 400, 500, 600, 800, 1000. B-ல ரேட், C-ல நான் சொன்ன அந்த ஏத்தம். முதல் வரியில மட்டும் ஏத்தமும் ரேட்டும் ஒண்ணுதான். E1-ல யூனிட்.

```
=IF(E1<=500,
 SUMPRODUCT((E1>A2:A4)*(E1-A2:A4)*C2:C4),
 SUMPRODUCT((E1>A7:A12)*(E1-A7:A12)*C7:C12))
```

இந்த IF-க்குள்ள IF-க்குள்ள IFன்னு ஏழு அடுக்கு போடுறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. இது அப்படி இல்ல. 540க்கு என்ன செய்யும்னா, 100க்கு மேல 440 யூனிட், 4.70ல 2068. 400க்கு மேல 140, 1.60ல 224. 500க்கு மேல 40, 2.10ல 84. கூட்டினா 2376.

அத்தானுக்கு முகமே செத்துப்போச்சு. ஆனா அத்தைதான் கெட்டிக்காரி. "மக்களே, 500ல நிறுத்தியிருந்தா எவ்வளவு?"ன்னாங்க. E1-ல 500 அடிச்சேன், 1805. அப்ப கடைசி 40 யூனிட்டுக்கு 571 ரூபாய்! யூனிட்டுக்கு பதினாலுக்கு மேல. அட்டவணையில உச்சத்துல இருக்கிற ரேட்டே 11.55தான்! 501 அடிச்சுப் பாருங்க, அந்த ஒத்த யூனிட் மட்டும் 243 ரூபாய் 40 பைசா.

இப்ப அத்தை மீட்டர் பக்கத்துல ஒரு நோட்டைத் தொங்கவிட்டுட்டாங்க. 450 வந்தா மாடி ஏசி ரிமோட் அவங்க பீரோவுக்குள்ள போயிருமாம். மாடி ரூம் யாருது? அத்தானோடது. அவரு இன்னும் என் போனை எடுக்கல.

ஷீட் லிங்க் கீழ போட்டிருக்கேன். இது வீட்டு இணைப்புக்கு மட்டும்தான், கடைக்குப் போட்டுப் பாத்துட்டு வந்து திட்டாதீங்க. உங்க பில்லுல ரேட் மாறியிருந்தா B காலத்தை மட்டும் மாத்துங்க, C தானா மாறிக்கும்.