சப்பாத்துல B, D, 2Eன்னு இருக்கிறது என்னா? உங்க காலுக்கு எது சரி?

கேள்வி: "அண்ணே, 7 சைஸ் போட்டா சுண்டு விரல் நெரிக்குது, 8 எடுத்தா குதிகால் கழண்டு கழண்டு வருது. வெளிநாட்டு சப்பாத்து ஒன்னு பார்த்தேன், நாக்குல 7 Dன்னு போட்டிருக்கு. அது எனக்கு சரியா வருமா?" (பண்டாரவளையிலருந்து ஒரு தங்கச்சி)

தங்கச்சி, முதல்ல அது லேடீஸ் சப்பாத்தா ஜென்ட்ஸ் சப்பாத்தான்னு பாருங்க, ஏன்னா அமெரிக்கா கணக்குல D ரெண்டு பேருக்கும் ஒன்னு இல்ல. ஆம்பளைங்களுக்கு D தான் சாதாரண அகலம், B ஒடுக்கம், 2E அகலம், 4E ரொம்ப அகலம். பொம்பளைங்களுக்கு B தான் சாதாரணம், 2A ஒடுக்கம், Dன்னா அகலம். அதனால லேடீஸ் 7 Dன்னா உங்களுக்கு அது வைட் சப்பாத்து, நீங்க சொல்றத வச்சு பார்த்தா உங்களுக்கு தேவையும் அதுதான். இன்னொன்னு, லேபிள்ல 7 எந்த நாட்டு சைஸ்னு பாருங்க, லேடீஸ்ல US 7ன்னா UK 5 மாதிரி வரும், இங்கிலாந்து கம்பனி சிலதுல எழுத்து கணக்கும் வேற, லேடீஸ் D அங்க சாதாரண அகலம்.

இப்ப ஏன் 8 சரியா வரலன்னா, நம்ம ஆளுங்க நெறைய பேர் இப்படித்தான் பண்றாங்க, பக்கத்துல நெரிச்சா ஒரு சைஸ் கூட்டி எடுத்துருவாங்க. ஒரு சைஸ் கூட்டினா நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடிருது, அகலம் கொஞ்சம்தான் கூடும். Bலருந்து Dக்கு போனா கிடைக்கிற அகலத்த சைஸ் கூட்டியே எடுக்கனும்னா ரெண்டு மூணு சைஸ் ஏறனும், அப்ப நீளம் ரொம்ப கூடிரும். உங்களுக்கு 8 போட்டும் விரல் பக்கம் முழுசா சரியாகாது, குதிகால் மட்டும் லூசாகிரும். அதோட சப்பாத்து மடியிற இடம் உங்க கால் மடியிற இடத்துக்கு முன்னால போயிரும், அங்க மடிஞ்சு மடிஞ்சு விரலுக்கு மேல உரசும்.

அளக்கிறது லேசுதான். சாயந்தரம் அளங்க, நாள் முழுக்க நின்னு வேலை செஞ்ச கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், கொழுந்து எடுக்கப் போறவங்களுக்கு இன்னும் கூட. போடுற மேஜோட போட்டுக்கிட்டு ஒரு கடதாசி மேல எந்திரிச்சு நில்லுங்க, உக்காந்து அளந்தா ஒடுக்கமா காட்டிரும். பென்சில நேரா நிமித்தி பிடிச்சு வேற ஆள வரைய சொல்லுங்க, நீங்களே குனிஞ்சா பாரம் மாறிரும். பெருவிரல் முட்டிக்கும் சுண்டு விரல் முட்டிக்கும் நடுவுல, கால் ரொம்ப அகலமான இடத்துல அடிமட்டம் வச்சு பாருங்க. ரெண்டு காலையும் அளங்க, பெருசா இருக்கிற கால்தான் கணக்கு.

உங்க கால் நீளம் 24 சென்டிமீட்டர் வருதுன்னு வைங்க, அது லேடீஸ் US 7. அந்த சைஸ்ல B ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் கால் அகலத்துக்கு, D ஏறக்குறைய 10க்கு. உங்களுக்கு 9.8 வந்தா 7 D எடுங்க, 8 B வேணாம். கம்பனிக்கு கம்பனி கொஞ்சம் மாறும், அதனால அவங்க சார்ட்டையும் பாருங்க. சைஸ் மாறினா அதே எழுத்துக்கு அகலமும் மாறும், 6 Dயும் 9 Dயும் ஒரே அகலம் இல்ல.

நம்ம டவுன் கடையில பெரும்பாலும் எழுத்தே இருக்காது, அப்ப சப்பாத்துக்கு உள்ள இருக்கிற மெத்தைய கழட்டி கீழ வச்சு அது மேல ஏறி நில்லுங்க. சுண்டு விரல் பக்கம் சதை வெளிய வழிஞ்சா உங்களுக்கு ஒடுக்கம். போட்டுப் பழகின சப்பாத்துன்னா இன்னும் சுலபம், சுண்டு விரல் முட்டி இருக்கிற இடத்துல மேல் தோல் சோல தாண்டி பிதுங்கி நிக்கும், சில நேரம் அங்கேயே கிழியும்.

ஒடுக்கமான கால் உள்ளவங்களுக்கு இதுக்கு நேர் மாறு. லேஸ் இறுக்கினா ரெண்டு பக்க ஓட்டையும் ஒன்னோட ஒன்னு முட்டிரும், விரலுக்கு மேல தோல் சுருக்கம் விழும். சமதரையில தெரியாது, தோட்டத்து படியில எறங்கும்போது கால் முன்னால வழுக்கி பெருவிரல் நகம் போய் இடிக்கும். நீளம் பத்தலன்னு நெனச்சு இன்னும் பெருசு வாங்குறாங்க, அது இன்னும் மோசம், அவங்களுக்கு வேண்டியது லேடீஸ்ல 2A, ஜென்ட்ஸ்ல B. லேஸ் கட்டின பொறகு ரெண்டு வரிசைக்கும் நடுவுல ஒரு விரல் அகலம் ஒரே சீரா இருந்தா அந்த அகலம் சரின்னு எடுத்துக்கலாம்.

ஒன்னு மட்டும் கவனிங்க தங்கச்சி, வலி பக்கத்துல இல்லாம பாதத்துக்கு மேல, லேஸ் போற இடத்துல இருந்தா அது அகலப் பிரச்சினை இல்ல, பாதம் மேல்பக்கம் உயரம். D வாங்கினாலும் தீராது. அந்த இடத்து ஓட்டையில மட்டும் லேஸ குறுக்க விடாம, பக்கத்தோடயே மேல ஏத்தி கட்டிப் பாருங்க.