ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டு காரணம்

வணக்கம். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் மட்டும் மனசுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் இரண்டே இரண்டு கோடு போடப்போகிறோம். அந்த இரண்டு கோட்டை வைத்து, சேலம் பூ மார்க்கெட்டில் குண்டுமல்லி கிலோ நானூறிலிருந்து ஐந்நூறுக்கு ஏறினால் அது எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்கப் பார்ப்போம். "விலை ஏறிடுச்சு" என்று சொல்ல எல்லோராலும் முடியும். ஏன் ஏறியது என்று சொல்ல விலை மட்டும் போதாது, இன்னொன்றும் தெரிய வேண்டும்.

தாளின் அடியில் படுக்கையாக ஒரு கோடு. அது அளவு, அதாவது ஒரு நாளில் கைமாறும் பூவின் எடை, கிலோவில். இடது ஓரத்தில் நிமிர்ந்த கோடு ஒன்று, அது விலை. கணக்குப் பாடத்தில் காரணத்தைப் படுக்கைக் கோட்டிலும் விளைவை நிமிர்ந்த கோட்டிலும் போடச் சொல்வார்கள், இங்கே விலையைக் கொண்டுபோய் நிமிர்ந்த கோட்டில் வைக்கிறோமே என்று பிளஸ் டூ பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் 1890-இல் அப்படிப் போட்டார், உலகமே அதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி எண்கள். இவை நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, மார்க்கெட் நிலவரம் இல்லை. கிலோ 200 ரூபாய் என்றால் வாங்குபவர்கள் மொத்தம் 1000 கிலோ வாங்குவார்கள். 400 என்றால் 800 கிலோ, 600 என்றால் 600 கிலோ. இந்த மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு கோடு வரும். அது தேவைக் கோடு. விற்பவர் பக்கம் தலைகீழ். 200 ரூபாய்க்குப் பல தோட்டங்களில் பறிகூலி கூடக் கட்டாது, பூவைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள், அதனால் 600 கிலோதான் வரும். 400 என்றால் 800 கிலோ, 600 கிடைக்கும் என்றால் தூரத்துத் தோட்டக்காரரும் வண்டி பிடித்து அனுப்புவார், 1000 கிலோ வந்து இறங்கும். இது ஏறும் கோடு, அளிப்புக் கோடு. மார்க்கெட்டில் கேட்டால் வரத்து என்பார்கள்.

இரண்டும் வெட்டுகிற இடத்தைப் பாருங்கள். விலை 400, அளவு 800 கிலோ. யாராவது பிடிவாதமாக 600 சொன்னால் 1000 கிலோ வந்து கிடக்கும், 600 கிலோதான் போகும், மிச்சம் 400 கிலோ மத்தியானத்துக்குள் வாடிவிடும். வாடுகிற சரக்கை வைத்துக்கொண்டு எந்த வியாபாரியும் விலை பேசிக்கொண்டிருக்க மாட்டார், இறக்கித்தான் ஆக வேண்டும். 200 என்றால் இதற்கு நேர் மாறாக, பூவுக்கு அடிதடி. அதனால்தான் 400-இல் வந்து நிற்கிறது.

சரி, இப்போது கோட்டை நகர்த்துவோம். தை பிறந்துவிட்டது, நாளைக்குப் பெரிய முகூர்த்தம். நேற்று 400 ரூபாயில் 800 கிலோ கேட்ட ஊர், இன்று அதே 400 ரூபாயில் 1000 கிலோ கேட்கிறது. எந்த விலையைச் சொன்னாலும் நேற்றைவிட 200 கிலோ கூட. ஆக, தேவைக் கோடு முழுவதையும் வலப்பக்கமாக 200 கிலோ தள்ளிப் போடுங்கள். அளிப்புக் கோட்டைத் தொடாதீர்கள். புதிய வெட்டுப்புள்ளி விலை 500, அளவு 900 கிலோ.

அடுத்து வேறொரு நாள். முகூர்த்தம் எதுவும் இல்லை, ஆனால் பனி கொட்டுகிறது. பனிக்காலத்தில் மல்லிச் செடி அரும்பு கட்டுவது குறைந்துவிடும், எந்த விலை கொடுத்தாலும் முன்னைவிட 200 கிலோ குறைவாகத்தான் வரும். இப்போது அளிப்புக் கோட்டை இடப்பக்கமாக 200 கிலோ தள்ளுங்கள், தேவைக் கோடு பழைய இடத்திலேயே இருக்கட்டும். வெட்டுகிற இடம் விலை 500, அளவு 700 கிலோ.

கவனித்தீர்களா? இரண்டு நாளும் விலை அதே 500. செய்தியில் இரண்டு நாளும் ஒரே வரிதான் வரும். ஆனால் ஒரு நாள் மார்க்கெட்டில் 900 கிலோ போயிருக்கிறது, இன்னொரு நாள் 700 கிலோதான். விலையும் எடையும் சேர்ந்து ஏறினால் நகர்ந்தது தேவை. விலை ஏறி எடை இறங்கினால் நகர்ந்தது வரத்து. விவசாயிக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. முதல் நாளில் 900 கிலோவுக்கு 500 ரூபாய், மொத்தம் நாலரை லட்சம். இரண்டாவது நாளில் மூன்றரை லட்சம். வழக்கமான நாளின் மூன்று லட்சத்து இருபதாயிரத்தோடு பார்த்தால், பனியில் விலை நூறு ரூபாய் ஏறியும் மொத்தத்தில் கூடியது முப்பதாயிரம்தான். அதுவும் யார் செடியில் அரும்பு இருந்ததோ அவருக்கு.

இதைப் போடும்போது பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடம் இரண்டு. வரத்து குறைந்தது என்றதும் கோட்டைக் கீழே இறக்கிவிடுவார்கள். குறைந்தால் கீழே என்று கை தானாகப் போகிறது. ஏறுகிற கோட்டைக் கீழே இறக்கினால் அது வலப்பக்கம் நகர்ந்த மாதிரி ஆகி, வரத்து கூடியதாக அர்த்தம் வரும், விலையும் இறங்கிவிடும். அதனால் கோட்டை மேலே கீழே தள்ளாதீர்கள், எப்போதும் பக்கவாட்டில்தான். கூடினால் வலம், குறைந்தால் இடம்.

இன்னொன்று பெரியவர்களையும் விடாது. "விலை ஏறினா தேவை குறையும், தேவை குறைஞ்சா விலை இறங்கும், அப்புறம் எப்படிங்க விலை ஏறி நிக்குது?" என்று கேட்பார்கள். கேட்கும்போது சரியாகத்தான் படும். கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிற அக்காவைப் பாருங்கள். கிலோ விலை ஏறிய அன்று முழத்தின் விலையை ஏற்றினால் வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் முழம் அதே இருபது ரூபாய்தான், ஆனால் நெருக்கிக் கட்டாமல் விரல் இடம் விட்டுவிட்டுக் கட்டுவார், நடுநடுவே இலையும் சேரும். நூல் அதே நீளம், பூ குறைவு. நாம் முழுசாக ஒரு முழம் வாங்கியதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம், உண்மையில் குறைவான பூ வாங்கியிருக்கிறோம். நமக்கு மல்லி மேல் ஆசை குறைந்துவிட்டதா? இல்லை. அதே தேவைக் கோட்டில் கொஞ்சம் மேலே, இடப்பக்கமாகச் சறுக்கியிருக்கிறோம். கோடு நகரவில்லை, நாம்தான் கோட்டின் மேல் நகர்ந்தோம். கோடே நகர வேண்டுமென்றால் விலைக்கு வெளியே ஏதாவது மாற வேண்டும்: முகூர்த்தம், பண்டிகை, அல்லது முல்லையும் காக்கட்டானும் மலிவாகி ஆட்கள் அந்தப் பக்கம் போவது.

இப்போது கொஞ்சம் வம்பான நாள். தை முகூர்த்தமும் இருக்கிறது, பனியும் விடவில்லை. இரண்டு கோட்டையும் நகர்த்துங்கள். விலை 600. அளவு? மறுபடியும் 800 கிலோ, சாதாரண நாளில் போன அதே எடை. இந்த மாதிரி நாளில்தான் "வரத்து அப்படியேதானே இருக்கு, வியாபாரிங்க வேணும்னே ஏத்திட்டாங்க" என்ற பேச்சு கிளம்பும். எடை மாறாததால் எதுவுமே மாறவில்லை என்று தோன்றுகிறது, ஆனால் இரண்டு பக்கமும் மாறி ஒன்றின் விளைவை இன்னொன்று எடையில் மறைத்துவிட்டது. வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதே கிடையாது என்று நான் சொல்லவில்லை, இந்த ஒரு ஆதாரத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்கிறேன். மார்கழியில் இதே விஷயம் வேறு மாதிரி. பனியால் வரத்து இடப்பக்கம், கல்யாணம் இல்லாததால் தேவையும் இடப்பக்கம். எடை குறைவது நிச்சயம், விலை எந்தப் பக்கம் போகும் என்பது எது அதிகம் நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

சரி, இதுவரை போட்ட அளிப்புக் கோடு சாய்வாக இருந்தது. ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்தால் அது பொருந்தாது. குண்டுமல்லியை விடியற்காலையிலேயே அரும்பாகப் பறித்துவிடுவார்கள். பறித்து மார்க்கெட்டுக்கு வந்த பிறகு விலை எவ்வளவு ஏறினாலும் அன்றைக்குச் செடி இன்னொரு தடவை அரும்பு கட்டாது. அந்த ஒரு காலைக்கு அளிப்புக் கோடு 800 கிலோவில் செங்குத்தாக நிற்கிறது. அதன் மேல் முகூர்த்தத் தேவையைப் போட்டுப் பாருங்கள், விலை 500-இல் நிற்காமல் 600-க்குப் போகும். வாடுகிற பொருளுக்கு விலை ஒரே நாளில் எகிறுவதும், ரெண்டு நாளில் தடாலென்று விழுவதும் இதனால்தான்.

பாருங்கள், இங்கேயும் 600 ரூபாய், 800 கிலோ. பனியும் முகூர்த்தமும் சேர்ந்த நாளின் அதே புள்ளி. விலையும் எடையும் தெரிந்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்போது பக்கத்துக் கூடையைப் பார்க்க வேண்டும். பனி மல்லியை அடிக்கிற அளவுக்குச் சாமந்தியையும் செண்டுமல்லியையும் அடிப்பதில்லை, சாமந்திக்கு அது சீசனே. அவையும் அன்று மல்லி அளவுக்கே ஏறியிருந்தால் நகர்ந்தது தேவை மட்டும்தான். மல்லியும் முல்லையும் சாமந்தியைவிட வெகுவாக ஏறியிருந்தால் அதில் பனியின் வேலையும் சேர்ந்திருக்கிறது.

முடிப்பதற்கு முன் மலை மேல் ஏற்காட்டுக்கு ஒரு தடவை போய் வருவோம், ஏனென்றால் இதே படத்தை அப்படியே காபிக்குப் போட்டால் தப்பாகிவிடும். மார்ச், ஏப்ரலில் பூ மழை பொய்த்தால் காபிச் செடி சரியாகப் பூக்காது, காய்ப்பு குறையும். ஏற்காட்டின் அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது. அப்படியென்றால் விலை ஏற வேண்டுமே? ஏறாது. அரபிகாவுக்கு நியூயார்க்கிலும் ரொபஸ்டாவுக்கு லண்டனிலும் விலை பேசுகிறார்கள், அந்தக் கடலில் சேர்வராயன் மலையின் விளைச்சல் ஒரு துளி. ஏற்காட்டுத் தோட்டக்காரருக்கு எதிரே நிற்கும் தேவைக் கோடு சரிவே இல்லாமல் படுக்கையாக, உலக விலையின் உயரத்தில் கிடக்கிறது. அளிப்பை இடப்பக்கம் தள்ளினால் வெட்டுப்புள்ளி அதே உயரத்தில் இடப்பக்கம் நகரும், அவ்வளவுதான். மூட்டை குறையும், விலை கூடாது. 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்தபோது உலகத்தின் அளிப்புக் கோடே இடம் நகர்ந்து, அந்தப் படுக்கைக் கோடு அப்படியே மேலே எழுந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஏற்காட்டில் மழை சரியாகப் பெய்து மூட்டையும் இருந்தவருக்கு இரண்டு பக்கமும் லாபம். மலைக்குக் கீழே மல்லிக்காரருக்குத் தன் ஊர்ப் பனி விலையிலாவது கொஞ்சம் திரும்பக் கொடுக்கும். காபிக்காரருக்கு அது கூடக் கிடையாது, அவர் விலைக்கு யாருடைய பனியைப் பார்க்க வேண்டுமென்றால் பிரேசில்காரருடையதைத்தான். நன்றி, வணக்கம்.