பழைய மெஷினை விற்றால் லாபம் எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நண்பர்களே. பட்டறை நடத்துகிறவர்கள் ஆடிட்டரிடம் அடிக்கடி கேட்கிற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். “பத்து லட்சத்துக்கு வாங்கிய மெஷினை ஒன்பது லட்சத்துக்குத்தான் விற்றேன். எனக்கு ஒரு லட்சம் நஷ்டம். அதற்கு ஏன் லாபம் என்று வரி போடுகிறீர்கள்?”

நியாயமான கேள்விதான். ஆனால் வருமான வரிக் கணக்கில் அந்த மெஷினுக்குத் தனி மதிப்பே கிடையாது. ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே தேய்மான விகிதம் உள்ள சொத்துகள் எல்லாம் சேர்ந்து ஒரு பிளாக். வாங்கிய அன்றே மெஷினின் விலை அந்த பிளாக்கில் கலந்துவிடும். அப்புறம் ஆண்டுதோறும் பிளாக்கின் மொத்த மதிப்பில் 15 சதவீதம் தேய்மானமாகக் கழிகிறது. பத்து லட்சம் ஐந்து ஆண்டில் ஏறக்குறைய 4 லட்சத்து 44 ஆயிரமாகிவிடும். குறைந்த அந்தத் தொகை முழுவதும் உங்கள் தொழில் வருமானத்தில் ஏற்கெனவே கழிக்கப்பட்டு, அதற்கு வரி கட்டாமல் இருந்திருக்கிறீர்கள். நஷ்டம் என்று சொல்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு பட்டறையில் இரண்டு மெஷின்கள். ஏப்ரல் 1 அன்று பிளாக்கில் மிச்சமிருக்கும் மதிப்பு, அதாவது டபிள்யூ.டி.வி., 6 லட்சம். அந்த ஆண்டில் ஒரு மெஷின் 9 லட்சத்துக்கு விலைபோகிறது. புதிதாக எதுவும் வாங்கவில்லை. விற்ற தொகையிலிருந்து பிளாக்கின் மதிப்பைக் கழித்தால் 3 லட்சம் மிஞ்சுகிறது. இந்த 3 லட்சம்தான் குறுகிய கால மூலதன ஆதாயம். விற்பதற்காகக் கொடுத்த கமிஷன் போன்ற செலவு இருந்தால் அதையும் கழித்துக்கொள்ளலாம்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்வது இது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் கணக்குப் போடும் முறை இதேதான். மெஷினை எத்தனை ஆண்டு வைத்திருந்தீர்கள் என்று சட்டம் பார்ப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டு பழசாக இருந்தாலும் ஆதாயம் குறுகிய காலம்தான். பட்டியலிட்ட பங்குகளுக்கு உள்ள தனி வரி விகிதமும் இதற்குக் கிடையாது. உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்களுக்கு உரிய வழக்கமான விகிதத்தில் வரி விழும்.

இதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. இரண்டாவது மெஷின் பட்டறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பிளாக்கின் மதிப்பு பூஜ்யமாகிவிட்டது. அதனால் அந்த மெஷினுக்கு இனித் தேய்மானம் கிடையாது.

சரி, இதே ஆண்டில் 4 லட்சத்துக்கு இன்னொரு மெஷின் வாங்கியிருந்தால்? ஆறும் நான்கும் பத்து. அதில் ஒன்பது போனால் மிச்சம் ஒரு லட்சம். ஆதாயமே இல்லை. அந்த ஒரு லட்சத்தின் மீது தேய்மானமும் உண்டு. ஆனால் மெஷின் மார்ச் 31-க்குள் உங்கள் சொத்தாகியிருக்க வேண்டும். அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு ஏப்ரலில் மெஷின் வந்தால், போன ஆண்டின் பிளாக்குக்கு அது உதவாது.

எதை வாங்குகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். அது வேறு பிளாக். ஆகவே பத்து கம்ப்யூட்டர் வாங்கினாலும் நம்முடைய 3 லட்சம் ஆதாயம் குறையாது. தொழிலுக்காக வாங்கும் சாதாரண காருக்கு 15 சதவீதம் என்றால், அது மெஷின் இருக்கும் அதே பிளாக்கில் சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஆதாயம் வர இரண்டாவது வழி, பிளாக்கில் ஒரு சொத்துகூட மிஞ்சாமல் போவது. இரண்டு மெஷினையும் சேர்த்து 7 லட்சத்துக்கு விற்றால் ஒரு லட்சம் ஆதாயம். 4 லட்சத்துக்குத்தான் போனது என்றால் 2 லட்சம் குறுகிய கால மூலதன நஷ்டம். இதைத் தேய்மானம் என்று தொழில் வருமானத்தில் கழிக்க முடியாது; மூலதன ஆதாயத்தில்தான் ஈடுகட்ட வேண்டும். ஒரு சிறிய மெஷின் மிஞ்சியிருந்தால்கூட நிலைமை வேறு. அப்போது அந்த 2 லட்சம் பிளாக்கிலேயே தங்கி, ஆண்டுதோறும் தேய்மானம் தரும்.

நடைமுறையில் தவறு நடக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மதிப்பு எழுதியிருப்பார்கள். விற்ற மெஷினின் புத்தக மதிப்பு 5 லட்சம் என்றால், லாப நஷ்டக் கணக்கில் 4 லட்சம் லாபம் ஏறியிருக்கும். வரிக்கணக்கில் அந்த 4 லட்சத்தைத் தொழில் வருமானத்திலிருந்து எடுத்துவிட்டு, பிளாக் கணக்குப்படி வந்த 3 லட்சத்தை மூலதன ஆதாயமாகக் காட்ட வேண்டும். எடுக்க மறந்தால் ஒரே விற்பனைக்கு இரண்டு முறை வரி கட்டுவோம். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் முன் Schedule DPM-இல் அந்த பிளாக்கையும், Schedule DCG-இல் வந்திருக்கும் தொகையையும் பாருங்கள். மெஷின் விற்ற லாபம் தொழில் வருமானத்திலும் தங்கியிருந்தால், அங்கே அதை நீக்கிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.